போத்தலில் ஒட்டியிருப்பதும் டொக்டர் எழுதியதும் ஒன்றுதானா?

(திரும்பி வந்த குடும்பங்களுக்காகத் திருகோணமலையில் நடந்த சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதச் சந்திப்பு முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் என்னிடம் வந்தார். இங்கே கணிதம் படிப்பித்து, பிறகு தமிழ்நாட்டு முகாமில் பல வருடம் இருந்து, இப்போது மகளோடு திரும்பி வந்திருப்பவர். கைப்பைக்குள் இருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். "பிள்ளை, இதில எழுதியிருக்கிறதும் கிளினிக் கொப்பியில டொக்டர் எழுதினதும் ஒண்டுதானோ எண்டு ஒருக்காப் பாரும். எனக்கு ஒண்டாத்தான் தெரியுது. ஆனா நாலு நாளா நெஞ்சு படபடக்குது, கையும் நடுங்குது."

நான் மருந்து படித்தவள் இல்லை. கலைப் பட்டதாரி, எங்கள் நிறுவனத்தில் தகவல் வேலை பார்ப்பவள். அதனால் அன்று நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. இருவருமாக மருந்தாளர் ஒருவரிடம் போனோம். அங்கே ரீச்சர் கேட்ட கேள்விகளையும் மருந்தாளர் தந்த விளக்கத்தையும்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன். ரீச்சரின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

முதலில் அந்தப் போத்தலின் கதை. ரீச்சருக்குத் தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்கிறது. அதற்குத் தைரொக்சின் குளிசை. தமிழ்நாட்டில் இருந்தபோது 100 மைக்ரோகிராம் குளிசை, காலையில் ஒன்று. அங்கே இந்த மருந்து போத்தலிலும் விற்கப்படும். காலிப் போத்தலைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். இங்கே ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பதிந்ததும் டொக்டர் அதே அளவையே கொப்பியில் எழுதினார்: தைரொக்சின், 100 மைக்ரோகிராம், காலை, 1/12. ஆனால் மருந்து கொடுக்கும் இடத்தில் அந்த நேரம் கையிருப்பில் இருந்தது 50 மைக்ரோகிராம் குளிசை. ஆகவே கடதாசி உறையில் 60 குளிசை போட்டு, "காலை 2" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஐம்பதும் ஐம்பதும் நூறு. சரியான கணக்கு. ரீச்சர் அவற்றை இந்தியப் போத்தலில் கொட்டி, மேலே ஒரு துண்டு ஒட்டி "தைரொக்சின் 50, காலை 2" என்று தன் கையால் எழுதினார். இதுவரை பிழை இல்லை.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் அந்தக் குளிசை முடிந்துபோயிருந்தது. வெளியில் வாங்கும்படி ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். ரீச்சர் துண்டையும் போத்தலையும் ஒரு தனியார் பாமசியில் கொடுத்து, இதையே நிரப்பித் தாருங்கள் என்றார். கடையில் நின்ற உதவியாளர் துண்டில் இருந்து மருந்தின் பெயரையும் 100 என்ற அளவையும் எடுத்தார். எத்தனை குளிசை என்பதைப் பழைய போத்தலில் பார்த்தார். கடையில் இருந்தது 100 மைக்ரோகிராம் குளிசை. புதிய லேபிள் இப்படி வந்தது: "தைரொக்சின் 100, காலை 2, மொத்தம் 60."

இப்போது நீங்களே பாருங்கள். கொப்பியில் தைரொக்சின், லேபிளிலும் தைரொக்சின். கொப்பியில் 100, லேபிளிலும் 100. பழைய போத்தலில் காலை 2, புதியதிலும் காலை 2. எதை எதோடு ஒப்பிட்டாலும் பொருந்துகிறது. ஆனால் ரீச்சர் ஒவ்வொரு காலையும் விழுங்கியது 200 மைக்ரோகிராம். டொக்டர் எழுதியதில் சரியாக இரண்டு மடங்கு.

மருந்தாளர் இதைக் காட்டியபோது ரீச்சர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "முப்பது வருசம் பெருக்கல் படிப்பிச்சனான்" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய முதல் கேள்வி இதுதான்: அப்படியென்றால் எதை எதோடு ஒப்பிடுவது?

மருந்தாளர் சொன்னது: போத்தலைப் பழைய போத்தலோடு ஒப்பிடாதீர்கள். நம்மில் அநேகமானோர் அதைத்தான் செய்கிறோம். போன மாதம் போலவே இருக்கிறது, சரி என்று வைத்துவிடுகிறோம். போன மாதமே பிழை நுழைந்திருந்தால் இரண்டு போத்தலும் ஒன்றுபோலவேதான் இருக்கும். ஒப்பிட வேண்டியது டொக்டர் கடைசியாக எழுதியதோடு. கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு அது கொப்பியின் கடைசிப் பதிவு. தனியார் டொக்டரிடம் காட்டுகிறவர்களுக்கு மருந்துத் துண்டு. அந்தத் துண்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். கடைக்காரர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

இரண்டாவது, ஒப்பிட வேண்டியது சொற்களை அல்ல, ஒரு நாளைக்குரிய மொத்த அளவை. ஒரு குளிசையில் எவ்வளவு, ஒரு தடவைக்கு எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்ற மூன்றையும் பெருக்க வேண்டும். டொக்டர் எழுதியதற்கும் பெருக்குங்கள், லேபிளுக்கும் பெருக்குங்கள். இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால், எண்கள் வேறாக இருந்தாலும் அளவு சரி. கொப்பியில் 100, ஒன்று. உறையில் 50, இரண்டு. பார்வைக்கு வேறு, விடை ஒன்று. கொப்பியில் 100, ஒன்று. போத்தலில் 100, இரண்டு. பார்வைக்கு ஒன்றுபோல, விடை வேறு.

மறுபக்கப் பிழையும் நடக்கிறது. 100 என்று அச்சடித்த பழைய போத்தலுக்குள் 50 குளிசையைக் கொட்டி, துண்டு ஒன்றும் ஒட்டாமல், பழக்கப்படி ஒன்று மட்டும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாதி மருந்துதான் போகும். கூடியதைப் போல இது உடனே தெரியாது. சில கிழமைகளில் களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முகம் ஊதுதல் என்று மெதுவாக வரும். நாங்கள் அதை வயது என்றும், புது வீட்டு வேலைக் களைப்பு என்றும் நினைத்துக்கொள்வோம்.

பெருக்குவதற்கு முன் கொப்பியை வாசிக்கத் தெரிய வேண்டுமே என்று ரீச்சர் கேட்டார். நியாயமான கேள்வி. டொக்டர்கள் எழுதுவது பெரும்பாலும் லத்தீன் சுருக்கம். மருந்தாளர் எங்களுக்குச் சிலவற்றைப் படிப்பித்தார். ஓ.டி. என்றால் ஒரு நாளைக்கு ஒரு தடவை. பி.டி. என்றால் இரண்டு தடவை. ரி.டி.எஸ். என்றால் மூன்று தடவை. மானே என்றால் காலையில், நொக்ற்றே என்றால் இரவில். 1/12 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு குளிசை அல்ல. வருடத்தின் பன்னிரண்டில் ஒன்று, அதாவது ஒரு மாதத்துக்கு. அதேபோல் 2/52 என்றால் ஐம்பத்திரண்டில் இரண்டு, அதாவது இரண்டு கிழமைக்கு. 2/12 என்றால் இரண்டு மாதம். இதை அறிந்தபோது ரீச்சரின் முகத்தில் வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். பின்னத்தை இப்படியும் பாவிக்கலாமோ என்று கேட்டார்.

இந்தப் பின்னம் இன்னொரு சோதனைக்கும் உதவும். மொத்தக் குளிசையை ஒரு நாளைக்கு எடுக்கும் எண்ணிக்கையால் பிரித்தால் எத்தனை நாளைக்கு வரும் என்று தெரியும். அது டொக்டர் எழுதிய காலத்தோடு பொருந்தாவிட்டால் எங்கோ ஏதோ பிழை. ஆனால் ரீச்சருக்கு இந்தச் சோதனை மட்டும் உதவியிருக்காது. 60 குளிசை, நாளுக்கு 2, முப்பது நாள். அழகாகப் பொருந்திவிடும். அதனால்தான் பெருக்கல் முதலில், பிரித்தல் பிறகு.

அளவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மில்லிகிராம் வேறு, மைக்ரோகிராம் வேறு. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்ததுதான் ஒரு மில்லிகிராம். கையெழுத்தில் இரண்டு குறியும் ஒன்றுபோலத் தெரியும். தைரொக்சின் மைக்ரோகிராமில் அளக்கும் மருந்து. சிலவேளை 0.1 மி.கி. என்று எழுதப்பட்டிருக்கும். அதுவும் 100 மைக்ரோகிராமும் ஒன்றே. லேபிளில் அலகு இல்லாமல் வெறுமனே "100" என்று இருந்தால், அலகையும் எழுதித் தரும்படி கேளுங்கள்.

அடுத்து ரீச்சர் கேட்டது, இங்கே பலரும் கேட்பது: "தமிழ்நாட்டில தந்த போத்தலில வேற பேர். இது அதே மருந்துதானோ?"

ஒரு மருந்துக்கு இரண்டு வகைப் பெயர் உண்டு. ஒன்று மருந்துப் பொருளின் பெயர். மற்றது கம்பனி வைத்த பெயர். பனடோல் என்பது கம்பனியின் பெயர், உள்ளே இருப்பது பரசிற்றமோல். எல்ட்ரொக்சின் என்பது கம்பனியின் பெயர், உள்ளே இருப்பது தைரொக்சின். இலங்கையில் அரச ஆஸ்பத்திரிகளில் பொதுவாக மருந்துப் பொருளின் பெயரையே எழுதுவார்கள். இந்த வழக்கத்துக்காகப் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்தவரும் அவர்தான். வெளியிடங்களில் கம்பனிப் பெயரை எழுதிக்கொடுப்பது வழக்கம். ஆகவே அங்கிருந்து வந்தவர்களின் பையில் ஒரு பெயரும், இங்கே தருகிற உறையில் இன்னொரு பெயரும் இருப்பது பிழை அல்ல.

பிழை எங்கே வருகிறது என்றால், இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் எடுக்கும்போது. அங்கே கொடுத்தது முடியும் மட்டும் அதையும் எடுப்போம், இங்கே கொடுத்ததையும் எடுப்போம், காசு கொடுத்து வாங்கியதை ஏன் வீணாக்குவது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பிரஷர் குளிசையை இப்படி இரட்டிப்பாக எடுத்தால் எழும்பும்போது தலை சுற்றி விழலாம். நீரிழிவுக் குளிசையில் சில வகைகளை இப்படி எடுத்தால் சீனி மிகவும் இறங்கி மயங்கலாம். கம்பனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மருந்துப் பொருளின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். பார்க்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தை. கண் தெரியாதவர்கள் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டாலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப் பிள்ளைகளால் முடியும்.

நிறம் மாறினால் என்ன செய்வது என்றும் கேட்டார். வெவ்வேறு கம்பனிகள் ஒரே மருந்தை வெவ்வேறு நிறத்திலும் வடிவத்திலும் செய்யும். ஆகவே நிறம் மாறியதால் மருந்து பிழை என்று சொல்ல முடியாது. நிறம் மாறவில்லை என்பதால் சரி என்றும் சொல்ல முடியாது. ஆனால் நிறம் மாறியது கேள்வி கேட்கப் போதுமான காரணம். கடையில் பெரிய போத்தலில் இருந்து எண்ணிப் போடுகிறார்கள் என்றால், அந்தப் பெரிய போத்தலின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். அட்டையில் உள்ள குளிசையென்றால் அட்டையோடு வாங்குங்கள். அதைப் பிரித்துப் போத்தலில் போட வேண்டாம். பெயரும் அளவும் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். தைரொக்சின் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் பழுதாகும் மருந்து. கடற்கரைக் காற்றில், அடுப்படித் தட்டில், மூடி இறுகாத பழைய போத்தலில் வைப்பதற்கு உகந்தது அல்ல.

எத்தனை என்பதைப் போலவே எப்போது என்பதும் லேபிளில் பார்க்க வேண்டியது. ரீச்சரின் லேபிளில் "காலை" என்று மட்டும் இருந்தது. தைரொக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, தேத்தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட வேண்டும். கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். எல்லா மருந்திலும் மிகக் கவனம் வேண்டியது "நாளுக்கு" என்பதா "கிழமைக்கு" என்பதா என்பது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோற்றெக்சேற் கிழமைக்கு ஒரே ஒரு நாள் எடுப்பது. அதைத் தினமும் எடுத்தால் உயிர் போகலாம். 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஒரு நோயாளி அப்படித்தான் இறந்தார், அதற்கு ஒரு விசாரணையும் நடந்தது. உங்கள் வீட்டில் யாராவது இந்த மருந்து எடுத்தால், எந்தக் கிழமை நாள் என்று லேபிளிலேயே பெயர் சொல்லி எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உறையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்து உங்களுக்கு விளங்காவிட்டால், அங்கேயே நின்று தமிழில் கேட்டு, உங்கள் கையாலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வரிசை நிற்கிறது என்று வெட்கப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் மாத்திரை என்று கேட்டால் சிலர் ஒரு கணம் யோசிப்பார்கள். குளிசை என்று கேளுங்கள். எங்கள் நிறுவனத்தில் வேலை செய்யும் மதுரைக்காரர் ஒருவருக்கு இந்தச் சொல் பழகவே ஒரு வருடம் எடுத்தது.

சரி, பொருந்தவில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? ரீச்சரின் கடைசிக் கேள்வி அதுதான். அதற்குள் அவர் கொஞ்சம் பயந்துமிருந்தார்.

கடையை விட்டு வெளியேறுவதற்கு முன் தெரிந்தால் வேலை சுலபம். உதவியாளரிடம் அல்ல, மருந்தாளரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். துண்டையும் லேபிளையும் பக்கத்தில் வைத்து, "டொக்டர் எழுதினது நாளுக்கு இவ்வளவு, இதில வாறது இவ்வளவு" என்று கணக்கைச் சொல்லுங்கள். பிழை என்று குற்றம் சாட்டத் தேவையில்லை. கணக்கைக் கேட்டால் போதும். துண்டில் உள்ளது தெளிவில்லை என்றால் அவர் டொக்டருக்கு அல்லது கிளினிக்குக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும், ஊகிக்கக் கூடாது. லேபிளைப் பேனாவால் வெட்டித் திருத்த விடாமல் புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் அடுத்த வேளை எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். அன்றே கேட்க வேண்டும். நாளை கிளினிக்கில் பார்ப்போம் என்று விடவும் வேண்டாம், சந்தேகம் என்று நீங்களாகவே பல நாள் நிறுத்தவும் வேண்டாம். தைரொக்சின் உடலில் பல நாள் தங்கும் மருந்து, ஒரு வேளை பிந்துவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் வலிப்பு மருந்து, இன்சுலின், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வாபரின் போன்றவற்றுக்கு அது பொருந்தாது. அவற்றை நிறுத்துவதும் ஆபத்து, கூட எடுப்பதும் ஆபத்து. ஏற்கனவே எடுத்துவிட்டு நெஞ்சுவலி, மயக்கம், மூச்சு முட்டல், நிற்காத இரத்தக் கசிவு இருந்தால் லேபிளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. போகும்போது போத்தலையும் கொப்பியையும் கொண்டுபோங்கள். போத்தலைக் கழுவவோ எறியவோ வேண்டாம். எத்தனை மிச்சம் என்று எண்ணினால் எத்தனை எடுத்தீர்கள் என்று டொக்டருக்குத் தெரியும்.

ரீச்சரின் போத்தலில் 52 குளிசை மிச்சம் இருந்தது. நாலு நாள், எட்டுக் குளிசை. மருந்தாளர் அதை ஒரு தாளில் எழுதி, அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே நெஞ்சின் மின்பதிவு எடுத்துப் பார்த்தார்கள். வயதானவர்களுக்கு இந்த மருந்து கூடினால் முதலில் பாதிக்கப்படுவது இதயம் என்பதால்தான் அது. எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை டொக்டர் சொன்னார். இரத்தப் பரிசோதனையை உடனே அல்ல, ஏறக்குறைய ஆறு கிழமை கழித்துத்தான் செய்ய வேண்டும் என்றார். அளவு மாறினால் அது இரத்தத்தில் சரியாகத் தெரிய அவ்வளவு காலம் எடுக்கும். படபடப்பு அடங்க ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. பாமசிக்கும் போனோம். அவர்கள் மறுக்கவில்லை. நிரப்பித் தரும்போது துண்டை மட்டும் பார்ப்போம், பழைய போத்தலைப் பார்க்க மாட்டோம் என்றார்கள்.

அந்த 52 குளிசையையும் என்ன செய்வது என்று ரீச்சர் கேட்டதை மறந்துவிட்டேன். மருந்து சரியானது, எண்ணிக்கைதான் பிழை. ஆகவே "காலை 1" என்று புது லேபிள் ஒட்டி, டொக்டர் சொன்ன நாளில் இருந்து அவற்றையே எடுக்கிறார். 52 நாளைக்கு வரும். அடுத்த கிளினிக்குக்கு முன் முடியாது என்று தானே கணக்குப் பார்த்துச் சொன்னார். இந்தியப் போத்தல் இப்போது அவர் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. உள்ளே கடுகு.